‘ப்ளேகுரூப்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘தமிழ்ப் பள்ளி’ என்று வைத்தோம்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை நடக்கும் தமிழ் வகுப்பு பற்றியது இது. அதன் ஒருங்கிணைப்பு வேலைகளைச் சில வருடங்களாகப் பார்த்துவருகிறேன். புறநகரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். எண்ணிக்கைகள் எல்லாம் எங்கள் வருகைக் குறிப்பேட்டில் இருந்தவை. சின்ன வகுப்பு, ஒரே ஒரு இடம். அந்த அளவுக்குத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

2017-இல் இது ப்ளேகுரூப்பாகத்தான் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் ப்ளேகுரூப் என்றால் என்ன என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பள்ளி வயது வராத குழந்தைகளை அம்மாவோ அப்பாவோ கூட்டிக்கொண்டு வருவார்கள், கூடவே இருப்பார்கள், குழந்தைகள் விளையாடும். பெரியவர்கள் டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள். முடிந்த வாரம் வரலாம், முடியாத வாரம் வர வேண்டாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதுதான் அதன் அழகு. கவுன்சில் ஹாலை வாடகைக்கு எடுத்து ஐந்து அம்மாக்கள் ஆரம்பித்தார்கள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள். பாட்டு, களிமண், கதை, நடுவில் ஒரு வாழைப்பழம். பெயரும் ‘தமிழ் ப்ளேகுரூப்’ என்றே இருந்தது. அப்போது அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள், பெயர் வளரவில்லை. 2020, 2021 ஊரடங்குக் காலங்களில் வகுப்பு கணினித் திரைக்குப் போய்த் திரும்பி வந்தது. 2022-இல் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியின் அறைகள் ஞாயிறு மதியத்துக்குக் கிடைத்தன. 2023 தொடக்கத்தில் 31 பிள்ளைகள் பதிவில் இருந்தார்கள். சிறியவளுக்கு ஐந்து வயது, பெரியவனுக்குப் பதினொன்று. நான்கு தன்னார்வ ஆசிரியர்கள். உயிரெழுத்து முதல் சிறு பத்தி வாசிப்பது வரை மூன்று பிரிவுகளாகப் பாடம் நடந்தது. விளையாட்டு என்று எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் வாசலில் கட்டும் துணிப் பதாகை, வாட்ஸ்அப் குழு, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றிலும் ப்ளேகுரூப்தான்.

குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், பின்னால் பெயர்ப் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான் ஓடியது. ஏறக்குறைய பாதிப் பேர் தமிழ்நாடு, பாதிப் பேர் இலங்கை. இரண்டு குடும்பங்கள் மலேசியாவிலிருந்து வந்தவர்கள். சைவர்கள் அதிகம், கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, முஸ்லிம் குடும்பங்கள் இரண்டு.

## கவனித்தவை

இங்கே பள்ளி ஆண்டு நான்கு டேர்ம்களாக நடக்கும். 2023 முதல் டேர்மில் ஒவ்வொரு ஞாயிறும் வந்தவர்களை எண்ணிக் குறித்துவைத்தேன். 31 பேரில் சராசரியாகப் பதினேழு, பதினெட்டுப் பேர். அது பெரிய கவலை இல்லை. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பதினெட்டுப் பேர் வந்தார்கள் என்பதுதான் கவலை. ஒகர, ஓகார உயிர்மெய்களை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று பிள்ளைகள் தடுமாறும் இடம் அது. ‘கொ’வையும் ‘கோ’வையும் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால், அடுத்த வாரம் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. மறுபடியும் ஆரம்பிப்போம். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது, விடாமல் வரும் ஒரு எட்டு வயதுப் பெண் மேசைமேல் தலையைச் சாய்த்துவிட்டாள். ஒழுங்காக வந்தவளுக்குத்தான் தண்டனை.

காரணம் தேடினோம். பாடம் சலிப்பா, நேரம் சரியில்லையா, கட்டணம் குறைவாக இருப்பதால் மதிப்பில்லையா என்று ஆளுக்கொன்று சொன்னோம். நான் ஒரு நாள் இரவு உட்கார்ந்து ஆறு மாத வாட்ஸ்அப் செய்திகளைப் பின்னோக்கிப் படித்தேன். அதில் மூன்று விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, பிள்ளை வரவில்லை என்றால் யாருமே சொல்வதில்லை. இதே பெற்றோர் வார நாள் பள்ளிக்குப் பிள்ளை ஒரு நாள் போகாவிட்டால் உடனே காரணம் எழுதி அனுப்புகிறவர்கள். அந்தப் பள்ளிகளில் ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்பது விதி. செலக்டிவ் பள்ளி நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங்குக்கு மழை பெய்தாலும் போகிறவர்கள். ஆகவே பொறுப்பில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. எங்களிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, இரண்டேகாலுக்கும் இரண்டரைக்கும் வருகிறவர்கள் பலர். வந்தால் பெற்றோர் அறைக்குள்ளேயே நிற்பார்கள், கைக்குழந்தையோ தம்பியோ கூட உள்ளே ஓடும். ப்ளேகுரூப்பில் அப்படித்தானே பழக்கம்!

மூன்றாவது, அவர்கள் இதை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது. ‘ப்ளேக்குப் போலாமா?’, ‘இன்னைக்கு ப்ளே இருக்கா?’ வளாகத்தின் வாசலில் ஒரு ஒன்பது வயதுப் பையன் பதாகையைப் பார்த்துவிட்டு, தன்னோடு கால்பந்து ஆடும் நண்பன் எதிரே வருகிறானா என்று திரும்பிப் பார்த்ததை நானே பார்த்தேன். “ப்ளேகுரூப் எல்லாம் பேபிக்கு” என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த இரண்டு வாரம் அவன் வரவில்லை.

எங்களோடு கற்பிக்கும் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, விளையாட்டெண்டு பேர் வைச்சால் விளையாட்டாத்தானே வருவினம்.” பெயரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

## பெயர் தேடிய இரண்டு கூட்டங்கள்

இரண்டாம் டேர்மில், மே மாதம், இரண்டு மாலைகள் உட்கார்ந்தோம். ஆசிரியர்களும் பெற்றோருமாக ஒன்பது பேர். முதல் கூட்டம் வீணாகப் போனது. எல்லோரும் அழகான பெயர்களைச் சொன்னார்கள், எல்லாம் அழகாகத்தான் இருந்தன. இரண்டாவது கூட்டத்துக்கு முன் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பெயரையும் மூன்று வாய்களில் வைத்துப் பார்ப்பது. காரில் பிள்ளையை ஏற்றும் அம்மா அதை எப்படிச் சொல்வார்? பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிடும் தோழியிடம் என்ன சொல்லி மறுப்பார்? அறைகளை வாடகைக்குத் தரும் பள்ளியின் அலுவலகத்தில், தமிழ் தெரியாத ஒருவர் அதைக் கேட்டு என்ன புரிந்துகொள்வார்? முழுப் பெயரை யாரும் சொல்லப் போவதில்லை, சுருக்கிச் சொன்ன பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் பெயர். இது பிடிபட இரண்டு மணி நேரம் ஆனது.

‘தமிழ் வகுப்பு’ முதலில் விழுந்தது. எளிமையாக, உண்மையாக இருந்தது. ஆனால் வாயில் அது ‘தமிழ் கிளாஸ்’ ஆகிவிடும். கிளாஸ் என்றால் நீச்சல் கிளாஸ், டான்ஸ் கிளாஸ் வரிசை. அந்த வரிசையில் இருப்பதை ஒரு டேர்ம் நிறுத்தி வைக்கலாம். “இந்த டேர்ம் ஸ்விம்மிங் போட்டுட்டோம், தமிழ் அடுத்த டேர்ம் பாத்துக்கலாம்” என்று ஒரு அப்பா என்னிடமே சொல்லியிருக்கிறார். தப்பாகச் சொல்லவில்லை, கிளாஸ்களை அப்படித்தான் எல்லோரும் நடத்துகிறோம்.

‘அகாடமி’க்கு நல்ல ஆதரவு இருந்தது. கோச்சிங் நிலையங்கள் பலவற்றின் பெயரில் அந்தச் சொல் இருக்கிறது, பெற்றோர் அதை மதிக்கிறார்கள் என்பதும் உண்மை. நானும் முதலில் அதன் பக்கம்தான். ஒரு அம்மா கேட்ட கேள்வியில் மனம் மாறியது: “அகாடமின்னா ரேங்க் கேப்பாங்களே, நாம என்ன காட்டப் போறோம்?” தன்னார்வலர்கள் நடத்தும் இரண்டரை மணி நேரத்தில் அந்தச் சொல் கேட்கும் விலையை எங்களால் கொடுக்க முடியாது. பெயர் கொஞ்சம் முன்னால் நின்று நம்மை இழுப்பது நல்லது, கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடக் கூடாது.

‘ஞாயிறு தமிழ்ப் பாடசாலை’ என்று ஒருவர் சொன்னார். தமிழில் கேட்க மிக நன்றாக இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அது ‘சண்டே ஸ்கூல்’. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குத் தேவாலயத்தில் நடக்கும் வேத வகுப்பு என்றே பொருள். இலங்கைக்காரர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலை என்றால் அறநெறிப் பாடசாலை நினைவு வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சமய வகுப்பு. இரண்டு முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கிற இடத்தில் அது முதல் நாளே ஒரு விளக்கம் கேட்கும் பெயர். கலைமகள், சரஸ்வதி என்று வந்த யோசனைகளையும் அதே காரணத்துக்காக விட்டோம்.

‘கல்லூரி’ என்ற சொல்லில் ஒரு வேடிக்கை நடந்தது. யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற பள்ளிக்கூடங்கள் பலவும் கல்லூரிகள்தான், ஆறாம் வகுப்புப் பையனும் ‘கொலிஜ்’ போகிறான். அவர்களுக்கு அந்தச் சொல்லில் வெள்ளைச் சீருடையும் காலைக் கூட்டமும் தெரியும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கல்லூரி என்றால் பட்டப்படிப்பு. ஐந்து வயதுக் குழந்தையைத் தமிழ்க் கல்லூரிக்கு அனுப்புகிறேன் என்று மதுரையில் இருக்கும் என் அம்மாவிடம் சொன்னால் சிரிப்பார். ஒரே மொழி, ஒரே சொல், பாதி அறை தலையாட்டியது, பாதி அறை சிரித்தது.

புலவர்கள் பெயரும் வந்தன. வள்ளுவர், ஔவையார், பாரதியார் யாரைப் பற்றியும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதே பெயர்களில் உலகெங்கும் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, இன்னொன்றாக நாமும் கலந்துவிடுவோம். ‘ஔவை’யை ஆங்கில எழுத்தில் எழுதினால் வாடகை அலுவலகத்தில் யாரும் வாசிக்கமாட்டார்கள். இன்னும் முக்கியமாக, புலவர் பெயர் வைத்தால் அது கழகமா, இலக்கிய மன்றமா, குழந்தைகள் வகுப்பா என்று அந்தப் பெயரே சொல்லாது. எங்கள் தேவை அஞ்சலி அல்ல, பிள்ளை எங்கே போகிறது என்று ஒரு சொல்லில் தெரிய வேண்டும்.

## எடுத்த முடிவு

புறநகரின் பெயர், அதன் பின் ‘தமிழ்ப் பள்ளி’. அவ்வளவு சாதாரணமான பெயர். காரில் அது ‘தமிழ் ஸ்கூல்’ ஆகும் என்று தெரிந்தேதான் வைத்தோம். ‘தமிழ் ஸ்கூல் இருக்கு, வர முடியாது’ என்றால் தோழி மேலே பேசமாட்டார். நியூ சவுத் வேல்ஸில் இத்தகைய வகுப்புகளை அரசே ‘சமூக மொழிப் பள்ளிகள்’ என்றுதான் அழைக்கிறது, அதற்கென்று ஒரு திட்டமும் வைத்திருக்கிறது. ஆகவே அந்தச் சொல் எங்களுக்குப் பெரிய சட்டை அல்ல.

ஒரு முஸ்லிம் அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பள்ளின்னா எங்க வீட்ல மசூதிங்க. வெள்ளிக்கிழமை பள்ளி, ஞாயித்துக்கிழமையும் பள்ளியான்னு பையன் கேப்பான். பள்ளிக்கூடம்னே வச்சிடுங்களேன்.” பதாகையில் நீளமாக இருக்கும், பழைய மணம் வீசும் என்று நாங்கள் கேட்கவில்லை. இதற்குப் பின்னால் வருகிறேன். மலேசியாவிலிருந்து வந்த அம்மாவுக்குத் தமிழ்ப்பள்ளி என்றால் வாரம் முழுவதும் நடக்கும் அரசாங்கத் தொடக்கப் பள்ளி. “பேர்ல கொஞ்சம் கூடுதலா இருக்கு, பரவால்ல, நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் ஒரு மணி நேரம் போனது. Tamil, Thamil, Thamizh என்று மூன்று கட்சிகள். ஒலிக்கு நெருக்கம் என்று பார்த்தால் முதல் எழுத்துக்கூட்டு கடைசியில்தான் நிற்கும். ஆனால் இந்த மாநிலத்தின் உயர்நிலைத் தேர்வான எச்.எஸ்.சி.யில் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது, அங்கே அது Tamil. பெற்றோர் தேடலில் தட்டச்சு செய்வதும் அதையே. பத்து வருடம் கழித்து அந்தத் தேர்வு வரைக்கும் போகிற பாதை ஒன்று இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், எழுத்து அதோடு ஒத்துப்போக வேண்டும். ‘எச்.எஸ்.சி. வரை’ என்று பெயருக்குக் கீழேயே போடலாம் என்று ஒருவர் சொன்னதை மறுத்துவிட்டோம். எங்கள் பெரிய மாணவனுக்கே வயது பதினொன்று, அந்த வகுப்பை நடத்த எங்களிடம் அப்போது ஆசிரியர் இல்லை.

பதிவு வேலையில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அதுவரை நாங்கள் பதிவு செய்யாத குழு. சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது ஐந்து உறுப்பினர் வேண்டும், பெயரின் முடிவில் Incorporated அல்லது Inc என்று வர வேண்டும், ஏற்கெனவே உள்ள பெயரோடு குழப்பும்படி இருக்கக் கூடாது. புறநகரின் பெயர் முன்னால் இருந்ததால் கடைசி விஷயத்தில் சிக்கல் வரவில்லை. பழைய பெயரில் பதிவு செய்திருந்தால் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, வாக்களித்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும். யாராவது இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், பெயரை உறுதி செய்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள்.

புதுப் பதாகை அச்சாகி வந்தது. யாழ்ப்பாணத்து டீச்சர் அதை விரித்த உடனே “ஒற்று எங்கை?” என்றார். ‘தமிழ் பள்ளி’ என்று அடித்திருந்தார்கள், நடுவில் ‘ப்’ இல்லை. நான்தான் அச்சகத்துக்கு அனுப்பினேன், பிழை என்னுடையது. கொஞ்சம் பணம் போனாலும் திரும்ப அடித்தோம். பிள்ளைக்கு வல்லினம் மிகும் இடம் சொல்லித்தருகிற இடத்தின் வாசலிலேயே அது மிகாமல் இருந்தால் எப்படி?

ஒரு விஷயத்தை வேண்டுமென்றே செய்தோம். கட்டணம், நேரம், ஆசிரியர்கள், பாடம் எதையும் அந்த டேர்மில் மாற்றவில்லை. பெயர் மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்க ஆசை. ஆனால் முழுக்கச் சுத்தமான சோதனை அல்ல. பெயர் மாற்றத்தை வாட்ஸ்அப்பில் போடாமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அச்சடித்த கடிதமாகக் கொடுத்தோம், அதோடு மறுபதிவுப் படிவமும் வைத்தோம். கையெழுத்துப் போட்டு மறுபடியும் சேர்வதே ஒரு உந்துதல்தான். பெயரின் பங்கு எவ்வளவு, கையெழுத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

## மூன்றாம் டேர்ம்: நடந்தவை

ஜூலையில் முதல் ஞாயிறு 27 பேர் வந்தார்கள். முதல் வாரம் எப்போதுமே கூட்டம்தான், அதை நம்பவில்லை. டேர்ம் முழுவதுக்கும் சராசரி 23. எனக்கு எண்ணைவிடச் செய்திகள்தான் ஆச்சரியம். மூன்றாவது வாரம் காலையில் ஒரு செய்தி வந்தது: ‘டீச்சர், பையனுக்குக் காய்ச்சல், இன்னைக்கு லீவு.’ ஆறு வருடத்தில் எங்களுக்கு வந்த முதல் லீவு லெட்டர் அது. அந்த டேர்ம் முடிவதற்குள் வராதவர்களில் பெரும்பாலானோர் முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தார்கள். அப்படிச் சொல்லும்படி நாங்கள் கேட்கவே இல்லை. பள்ளி என்றால் லீவு சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்த ஒழுங்கு, பெயர் அதை எழுப்பிவிட்டது.

ஒரு அம்மா தன் மகளின் பிறந்தநாள் விருந்தை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்கு மாற்றினார். வகுப்பிலிருந்து ஏழு பேரை அழைத்திருந்தார், அதில் நான்கு பேர் ‘ஸ்கூல் முடிஞ்சு வர்றோம்’ என்றார்களாம். ஞாயிறு மதியத்தின் பெரிய எதிரி பிறந்தநாள் விருந்து என்பதைத் தமிழ் வகுப்பு நடத்துகிற எவரும் ஒப்புக்கொள்வார்கள். பதாகையைக் கண்டு திரும்பிப் பார்த்த அந்த ஒன்பது வயதுப் பையன், தன் வார நாள் வகுப்பில் வார இறுதியைப் பற்றி எழுதியபோது தமிழ்ப் பள்ளிக்குப் போனதை எழுதியிருந்தான். அவனுடைய ஆசிரியை அவன் பெயரைத் தமிழில் பலகையில் எழுதச் சொன்னாராம். பெற்றோரும் அறைக்குள் நிற்பதை விட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவதுபோல் இறக்கிவிட்டுப் போனார்கள்.

நஷ்டமும் இருந்தது. இரண்டு குடும்பங்கள் நின்றுவிட்டன. ஒரு அம்மா நேராகவே சொன்னார்: “அஞ்சு நாள் ஸ்கூல் போய்ட்டு ஆறாவது நாளும் ஸ்கூல்னா அழறான். ப்ளேன்னு சொன்னா வந்துடுவான்.” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லும் சொல்லும் பெற்றோரைப் பொறுப்பாக்கும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெற்றோருக்காக வைத்த பெயரின் விலையைச் சில ஐந்து வயதுப் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

## பிரிவுகளின் பெயரில் செய்த தவறு

பள்ளி என்று வைத்த உற்சாகத்தில் பிரிவுகளின் பெயரையும் மாற்றினோம். முன்பு அரும்பு, மொட்டு, மலர். கேட்க இனிமை, ஆனால் மொட்டுக்கும் மலருக்கும் இடையில் பிள்ளை என்ன கற்க வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. அதனால் நான்காம் டேர்மில் ஆண்டு 1, ஆண்டு 2, ஆண்டு 3 என்று வைத்தோம். பெற்றோருக்கு உடனே புரிந்தது. ‘எப்ப ஆண்டு 2 போவா?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை ‘எப்ப மலர் ஆவா?’ என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் இங்கே ‘இயர் ஒன்’ என்றால் ஆறு, ஏழு வயது. புதிதாகச் சேர்ந்த பத்து வயதுப் பையனுக்கு எழுத்து தெரியாது, ஆகவே எங்கள் கணக்கில் அவன் ஆண்டு 1. வார நாள் பள்ளியில் அவன் இயர் ஃபைவ். நோட்டின் அட்டையில் ‘ஆண்டு 1’ என்று ஒட்டிக் கொடுத்தோம். அடுத்த வாரம் அந்தத் தாளைச் சுரண்டி எடுத்திருந்தான். அதற்கடுத்த வாரம் அவன் வரவில்லை. அவன் அம்மாவிடம் பேசியபோதுதான், தங்கையின் வகுப்பில் தன்னைப் போட்டுவிட்டார்கள் என்று அவன் நினைத்தது தெரிந்தது. எங்கள் பிரிவுகள் தமிழறிவை வைத்துப் பிரிக்கப்பட்டவை, வயதை வைத்து அல்ல. அதற்கு வயதைச் சொல்லும் பெயரை ஒட்டியது எங்கள் முட்டாள்தனம். 2024 தொடக்கத்தில் நிலை 1, நிலை 2, நிலை 3 என்று மாற்றினோம். ஏறு வரிசை தெரிகிறது, வயது தெரியவில்லை. கொஞ்சம் வறட்சியான சொல்தான். பெரிய பிள்ளைகள் தாமதமாகச் சேரும் இடத்தில் வறட்சியே மேல். அந்தப் பையன் திரும்ப வரவில்லை.

## அதன் பிறகு

நான்காம் டேர்மில் வருகை 20-க்கு இறங்கியது. நவம்பர், டிசம்பர் எப்போதும் இறங்கும் மாதங்கள்தான், ஆனாலும் புதுப் பெயரின் சூடு ஆறியதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பள்ளி என்று சொல்லிக்கொண்டோம், அதற்கு உரியது எதையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு அப்பா விளையாட்டாகக் கேட்டார்: “ஸ்கூல்னா ரிப்போர்ட் வருமே, எங்க?”

2024-இல் மூன்று விஷயங்களைச் சேர்த்தோம். தொடக்கத்தில் பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பது. பெயரைத் தமிழ் ஒலியோடு கூப்பிட்டு, ‘உள்ளேன் ஐயா’, ‘உள்ளேன் அம்மா’ என்று பிள்ளைகள் சொல்வது. சிறியவர்களுக்கு இதுதான் வகுப்பின் மிகப் பிடித்த பகுதி ஆகிவிட்டது. அரசுப் பள்ளிகளின் டேர்ம் தேதிகளை அப்படியே எடுத்துக்கொண்டு ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டி கொடுப்பது. டேர்ம் முடிவில் ஒரே ஒரு பக்க அறிக்கை: எத்தனை ஞாயிறு வந்தாள், எந்த எழுத்து வரை வாசிக்கிறாள், வீட்டில் என்ன செய்யலாம். மதிப்பெண் இல்லை. அந்த ஆண்டு 34 பேர் பதிவில், சராசரி 25 பேர் வந்தார்கள். ‘கொ’, ‘கோ’ ஒரே முறைதான் நடத்தினோம்.

இந்த இரண்டாவது ஏற்றத்தைப் பெயரின் கணக்கில் எழுதமாட்டேன். பெயர் ஒரு டேர்ம் கடன் கொடுத்தது, அதைத் திருப்பிக் கட்டியது அந்த ஒரு பக்க அறிக்கை. அறிக்கையை மட்டும் ப்ளேகுரூப் என்ற பெயரில் அனுப்பியிருந்தால் யார் படித்திருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

## மாற்றிச் செய்வதென்றால்

பெயரை நான்கு வருடம் முன்பே மாற்றியிருக்க வேண்டும். முதல் பிள்ளைகள் கிண்டர்கார்டன் வகுப்புக்குப் போன 2019-இலேயே, பெயர் பொய்யாகத் தொடங்கிவிட்டது. அப்போது பிள்ளைகள் குறைவு, மாற்றுவது எளிது.

ப்ளேகுரூப்பைப் பள்ளியாக மாற்றியதற்குப் பதில் பிரித்திருக்க வேண்டும். நாங்கள் பெயரை மாற்றியபோது இரண்டு, மூன்று வயதுத் தம்பி தங்கைகளுக்கு இடம் இல்லாமல் போனது. 2024 பிற்பகுதியில்தான் அவர்களுக்கென்று மாதம் இரண்டு சனிக்கிழமை, பழைய பெயரிலேயே மீண்டும் ஆரம்பித்தோம். ஸ்கூல் என்றால் அழுத அந்தப் பையன் இப்போது தம்பியோடு அங்கே வருகிறான். ஏழு வயதுக்கு மேல் ஆகிவிட்டது, யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

புறநகரின் பெயரைப் போட்டது பாதி சரி, பாதி தவறு. பதிவில் அது உதவியது, உள்ளூர்ப் பள்ளி என்ற உரிமையையும் கொடுத்தது. ஆனால் 2025-இல் கட்டட வேலைக்காக அந்த அறைகளை மூடினார்கள், இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த புறநகரில் இடம் கிடைத்தது. இப்போது பெயரில் ஒரு ஊர், முகவரியில் இன்னொரு ஊர். புதிதாகச் சேர்பவர்களில் யாராவது ஒருவர் முதல் ஞாயிறு பழைய வாசலில் நின்றுகொண்டு போன் செய்கிறார். வாடகை இடத்தில் நடத்துகிறவர்கள் ஒரு புறநகரைவிடச் சற்று அகலமான பகுதிப் பெயராக யோசிப்பது நல்லது.

அப்புறம் அந்தப் ‘பள்ளிக்கூடம்’. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டிகளும் அம்மம்மாக்களும் ஞாயிறு மதியம் பிள்ளையைக் கிளப்பும்போது, மதுரைக்காரரானாலும் யாழ்ப்பாணத்தவரானாலும், ‘பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். கல்லூரி என்றபோது பிரிந்து நின்ற இரண்டு பக்கமும் இந்த ஒரு சொல்லில் சேர்ந்து நிற்கிறது. மசூதிக் குழப்பமும் வந்திருக்காது. நீளம் என்று ஒதுக்கினோம், ஆனால் பதாகையில் நான்கு அடி காலியாகத்தான் இருக்கிறது. பெயரை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் டீச்சர் அதைச் சேர்த்திருக்கிறார்.